சட்டியில இல்லாதது அகப்பையில வருமா? (மங்கலான ஸ்க்ரீன்ஷாட்டும் ஓசிஆரும்)

மக்களே, ரொம்ப நாளா பலரும் கேக்குற கேள்வி ஒண்ணு. மங்கலா, பொடி எழுத்தா ஒரு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. அதுல இருக்குற எழுத்தை ஓசிஆர் வச்சு உருவணும். அதுக்கு முன்னாடி படத்தை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு பெருசாக்கிட்டுக் கொடுத்தா சரியா வருமா? வரும்னு சிலர் சத்தியம் பண்றாங்க. சும்மா கண்துடைப்புன்னு சிலர் சொல்றாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்குங்க. எந்தப் பாதி எப்போ உண்மைங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காப்பி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் இதுல இறங்கினதுக்குக் காரணம் எங்க அத்தை. அவங்க போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகுது. உயிரோட இருந்தப்போ எங்க குடும்பக் குழுவுல தன் கைப்பக்குவத்தை எல்லாம் ஒவ்வொண்ணா எழுதிப் போட்டிருந்தாங்க. வடு மாங்காய், எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், அதிரசம், இப்படி. அவங்க போனும் போச்சு, குழுவும் ரெண்டு தரம் மாறிப் போச்சு. மிச்சம் இருந்தது, அத்தை மகன் அப்பப்போ எடுத்து வச்சு எங்களுக்கு அனுப்பின 38 ஸ்க்ரீன்ஷாட்டுதான். "மாப்ள, முதல் வருஷத் திதிக்குள்ள இதைச் சின்ன புத்தகமாப் போட்டு எல்லாருக்கும் குடுத்துடலாம்டா"ன்னான். நானும் சரின்னேன்.

சமையல் குறிப்புல ஒரு வில்லங்கம் உண்டு பாருங்க. கதையோ கட்டுரையோன்னா ஒரு எழுத்து தப்பாப் போனாலும் வாசிக்கிறவங்க தானா சரி பண்ணிப் படிச்சுக்குவாங்க. "2 கரண்டி"யா "7 கரண்டி"யான்னு தப்பா அச்சாகிட்டா, யாரோ ஒருத்தர் வீட்டு ஊறுகாய் கெட்டுப்போகும். அதுவும் அத்தை பேர்ல கெட்டுப்போகும்.

ரெண்டு ஜாதி படம்

38 படத்தையும் பரப்பி வச்சுப் பாத்தா ரெண்டு வகையாப் பிரிஞ்சுது. 23 படம் சாதாரண ஸ்க்ரீன்ஷாட். போன் திரை ஒண்ணு, படம் ஒண்ணு. மிச்சம் 15 படம் நீள ஸ்க்ரீன்ஷாட். திரையை உருட்டிக்கிட்டே போய் ஒரே படமா எடுப்பாங்களே, அது.

போன் ஒண்ணுதான், எழுத்து அளவும் ஒண்ணுதான். ஆனா வந்து சேர்ந்த படத்துல வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கணக்கைப் பாருங்க. போன் திரை 1080 × 2400 பிக்சல். அதுல "க" எழுத்தோட உயரம் சுமார் 30 பிக்சல். படம் செயலி வழியா வரும்போது நீளப் பக்கம் 1600 பிக்சலாக் குறைஞ்சு வந்திருந்தது. அப்போ 1080 × 2400 படம் 720 × 1600 ஆகும். 30 பிக்சல் எழுத்து 20 பிக்சல் ஆகும். பரவாயில்லை, வாசிக்கலாம்.

இப்போ நீளப் படம். அது 1080 × 6000. நீளப் பக்கம் 1600 ஆகணும்னா அகலம் 288 ஆயிடும். 30 பிக்சல் எழுத்து 8 பிக்சல் ஆயிடும். 5 பிக்சல் குறுக்களவு இருந்த புள்ளி 1.3 பிக்சல். 4 பிக்சல் தடிமன் இருந்த கோடு ஒரே ஒரு பிக்சல். போன்ல விரிச்சுப் பாத்தா மங்கலாத் தெரியும், "என்னமோ எழுத்து இருக்கு"ன்னு.

அதனால ஸ்க்ரீன்ஷாட் தரத்தைப் பேசும்போது படத்தோட மொத்த அளவைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. ரெண்டு படமும் 1600 உயரம்தான். எழுத்து எத்தனை பிக்சல் உயரம்? அதை மட்டும் அளந்து பாருங்க. எந்தப் பட மென்பொருள்லயும் ஒரு எழுத்தைச் சுத்திக் கட்டம் போட்டா எண் தெரிஞ்சுடும்.

இன்னொரு குழப்பம். "300 டிபிஐ இருக்கணும்"னு எங்கயோ படிச்சுட்டு, படத்தோட டிபிஐ எண்ணை மட்டும் 72லேருந்து 300க்கு மாத்திட்டு நிம்மதியா இருக்குறவங்க உண்டு. அது காகிதத்தை ஸ்கேன் பண்றவங்களுக்குச் சொன்ன யோசனைங்க. ஸ்க்ரீன்ஷாட்டுக்கு அங்குலமே கிடையாது. அந்த எண்ணை மாத்தினா படத்துல ஒரு பிக்சல் கூடக் கூடாது. சட்டை மேல ஒட்டின சீட்டை மாத்துறது மாதிரி, சட்டை அதே அளவுதான்.

பெருசாக்கினா உள்ள என்ன நடக்குது

நான் உபயோகிச்சது டெஸராக்ட். 1980கள்ல ஹெச்பியில பிறந்து, 2005ல திறமூலமா வெளிய வந்து, 2018ல வந்த 4ஆம் பதிப்புல நரம்பு வலைக்கு மாறின பழைய மென்பொருள். இது வேலையை ரெண்டு கட்டமாப் பண்ணுது. அந்த ரெண்டையும் பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டா நம்ம கேள்விக்குப் பாதி விடை வந்துடும்.

முதல் கட்டம், வரியைக் கண்டுபிடிக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்தி, எங்க எழுத்துத் திட்டு இருக்கு, எது ஒரு வரி, எது படம், எது தூசுன்னு பிரிக்கும். திட்டு ரொம்பப் பொடியா இருந்தா தூசுக் கணக்குல போயிடும். 8 பிக்சல் எழுத்துல மேல இருக்குற புள்ளியும் கொம்பும் அதுக்குத் தூசாத்தான் தெரிய வாய்ப்பு அதிகம். சில சமயம் முழு வரியே காணாமப் போயிடும்.

ரெண்டாவது கட்டம், அந்த வரியை வாசிக்கிறது. இங்கதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கு. வாசிக்கிற நரம்பு வலைக்கு ஒரு நிலையான உயரம் உண்டு. வழக்கமான மாடல்கள்ல அது 36 பிக்சல். நீங்க எந்த அளவுல படத்தைக் குடுத்தாலும், கண்டுபிடிச்ச வரியை அதுவே 36 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கியோ நீட்டியோதான் உள்ள அனுப்பும். எழுத்து மட்டுமில்லை, மேல கொம்பு, கீழ சுழி எல்லாம் சேர்த்த முழு வரிக்கும் 36.

இப்போ யோசிங்க. 20 பிக்சல் எழுத்துன்னா, கொம்பு சுழியோட வரி உயரம் சுமார் 34 வரும். ஏற்கெனவே 36க்குப் பக்கத்துல இருக்கு. அதை நாம 4 மடங்கு ஆக்கினா 136 ஆகும். அது திரும்ப 36க்குச் சுருக்கும். நாம ஏத்தினதை அது இறக்கிடுச்சு, அவ்ளோதான். 8 பிக்சல் எழுத்துன்னா வரி உயரம் 14 பக்கம். நாம பெருசாக்கினாலும் ஆக்காட்டியும் அதுவே 36க்கு நீட்டத்தான் போகுது.

அப்போ பெருசாக்குறதால லாபமே இல்லையா? இருக்கு. முதல் கட்டத்துல இருக்கு. வரி கண்டுபிடிக்கிறப்போ திட்டு பெருசா இருந்தா தூசுன்னு தள்ளாது, வரி ஒழுங்காப் பிரியும், புள்ளியும் வரிக்குள்ள சேரும். ரெண்டாவது கட்டத்துக்கும் கொஞ்சம் வழுவழுப்பான படம் போகும். ஆனா எழுத்துக்குள்ள இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது.

பெருசாக்குறதுன்னா என்ன? பக்கத்துப் பக்கத்துல மூணு பிக்சல், 255, 140, 255ன்னு இருக்குன்னு வச்சுக்கங்க. நடுவுல இருக்குறது ஒரு மெல்லிய கோட்டோட சாம்பல் நிழல். மூணு மடங்கு ஆக்கினா இதுங்களுக்கு நடுவுல 217, 178ன்னு இடைப்பட்ட எண்களை நிரப்பும். அந்த எண் எல்லாம் அந்த மூணு எண்ணுலேருந்து கணக்குப் போட்டதுதான். ஒரு டம்ளர் மோரை மூணு டம்ளர் நீர்மோர் ஆக்குற மாதிரி. வெயிலுக்கு நீர்மோர் குடிக்கச் சுகம்தான், ஆனா உள்ள இருக்குற தயிர் அதே அளவுதான்.

சுருக்கத்தோட சேட்டை

அளவு குறைஞ்சது ஒரு கஷ்டம்னா, ஜேபெக் சுருக்கம் அடுத்த கஷ்டம். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளோட கூட்டாக எழுதி வைக்கும். நிதானமா மாறுற அலைகளை நல்லா வச்சுக்கும். பொசுக்கு பொசுக்குன்னு மாறுற நுணுக்கமான அலைகளைத் தயவுதாட்சண்யம் இல்லாம வெட்டும். முகம், வானம், மரம் இதுக்கெல்லாம் இது நல்ல தந்திரம். எழுத்துங்கறது பூராவுமே பொசுக்குன்னு மாறுற விளிம்பு. அங்க இது கைவச்சா எழுத்தைச் சுத்திக் கொசு மொய்க்கிற மாதிரி சாம்பல் புள்ளிகள் வரும்.

20 பிக்சல் எழுத்து கிட்டத்தட்ட ஆறு கட்டத்துல பரவியிருக்கும். ஒரு கட்டத்துல கொஞ்சம் போனாலும் மிச்சம் காப்பாத்தும். 8 பிக்சல் எழுத்து? முழு எழுத்தும் ஒரே கட்டம்! "ண"வா "ன"வாங்கறதே அந்த ஒரு கட்டத்துல மிச்சம் விட்ட சில எண்கள் கையில. அந்த எண்ணை வெட்டிட்டா விஷயம் முடிஞ்சுது.

இங்க பெருசாக்குறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. எழுத்து பெருசாகும்போது கொசுவும் சேர்ந்து பெருசாகும். தமிழுக்கு இது தனித் தலைவலி. எழுத்துக்கு மேல ஒரு கொசு உக்காந்தா அது புள்ளி ஆயிடும். "கலக்கி" போய் "கல்க்கி" ஆகும். அதிலும் விளிம்பைக் கூர்மையாக்குற முறைகள், உதாரணமா லான்சோஸ், விளிம்புக்குப் பக்கத்துல தன் பங்குக்கு ஒரு வெள்ளை வளையம் போடும். ஏற்கெனவே மொய்க்கிற கொசுவுக்கு இதுவும் சேர்ந்துக்கும். அதனால சுருக்கம் அதிகமான படத்துக்கு மிருதுவான முறையே நல்லது. நான் போட்ட கட்டளை இது:

```
magick padam.jpg -colorspace Gray -filter Mitchell -resize 300% -bordercolor white -border 20 padam3.png
tesseract padam3.png padam3 -l tam+eng --psm 6
```

வெளிய எடுக்குறதை பிஎன்ஜியா வச்சதைக் கவனிங்க. பெருசாக்கிட்டு மறுபடி ஜேபெக்ல சேமிச்சா இன்னொரு ரவுண்டு வெட்டு விழும். ஓரத்துல வெள்ளை விளிம்பு விட்டது, எழுத்து படத்தோட ஓரத்தை ஒட்டி இருந்தா வரி கண்டுபிடிக்கத் தடுமாறும்ங்கறதுக்காக. கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்தா இருந்தா `-negate` சேர்த்துக்கங்க. 4ஆம் பதிப்புலேருந்து வெள்ளையில கறுப்பு எழுத்துதான் அதுக்குச் சௌகரியம்.

சரி, வந்துச்சா இல்லையா?

முதல்ல 20 பிக்சல் ஜாதி. அப்படியே குடுத்தப்பவே பெரும்பாலும் நல்லா வாசிச்சுது. அங்கங்க ஓரத்துல ஒரு வரி விட்டுப்போச்சு, சில புள்ளி போச்சு. 2 மடங்கு ஆக்கினதும் விட்டுப்போன வரிகள் வந்துடுச்சு, புள்ளிகளும் நிறைய திரும்பி வந்துச்சு. 3 மடங்குல புதுசா எதுவும் இல்லை. 4, 5ன்னு போனா நேரம் மட்டும் அதிகம் பிடிச்சுது, கொசுப் புள்ளிகள் எட்டிப் பாக்க ஆரம்பிச்சுது. 36 பிக்சல் கணக்கு சொன்னபடியே நடந்தது. எழுத்து உயரம் 30லேருந்து 40க்குள்ள வந்ததும் நிறுத்திக்கலாம்.

அடுத்து 8 பிக்சல் ஜாதி. அப்படியே குடுத்தா குப்பை. பாதி வரி இல்லை, இருக்குற வரியும் ஆங்கிலமும் தமிழும் கலந்த கூழ். 4 மடங்கு ஆக்கினேன் பாருங்க, எல்லா வரியும் வந்து நின்னுது! "கடுகு", "மிளகாய்", "கொதிக்க வைக்கவும்" எல்லாம் அழகா வந்துச்சு. இந்த இடத்துலதான் "பெருசாக்கினா வரும்"னு சத்தியம் பண்றவங்க பெட்டியைக் கட்டிக் கிளம்பிடுறாங்க.

ஆனா உக்காந்து படிச்சா? "2 கப் வெல்லம்"ங்கறது "2 கப் வெள்ளம்" ஆகியிருக்கு. "எண்ணெய் விட்டு" போய் "எண்ணெய் வீட்டு". முன்ன கூழா இருந்தது, அது தப்புன்னு பாத்ததும் தெரிஞ்சுது. இப்போ வந்திருக்குறது தப்புன்னு தெரியாத தப்பு. நரம்பு வலை எக்கச்சக்கமான தமிழ் வரிகளைப் பார்த்துப் பழகினது. மங்கலா ஒரு "உபபு" தெரிஞ்சா அது "உப்பு"ன்னு தானே எழுதிடும். அது நமக்கு உதவிதான். ஆனா அதே பழக்கத்துல, இருக்குற ரெண்டு வார்த்தையில ஏதோ ஒண்ணைத் தேர்ந்தெடுத்து எழுதிடும், தப்பான பக்கம் சாய்ஞ்சாலும் நல்ல தமிழ் வார்த்தையாவே இருக்கும்.

எண்ணுக்கு இந்தப் பழக்கமும் கைகொடுக்காது. "கடு"க்கு அப்புறம் "கு" வரும்னு யூகிக்கலாம். "உப்பு"க்கு அப்புறம் 3 வருமா 8 வருமான்னு எந்த மொழிப் பழக்கம் சொல்லும்? 3க்கும் 8க்கும் வித்தியாசம், இடப்பக்கம் திறந்திருக்கா மூடியிருக்காங்கறதுதான். திறந்த இடம் மூலப் படத்துல 6 பிக்சல்னா நம்ம படத்துல ஒண்ணரை பிக்சல். ஜேபெக் அதையும் தடவி விட்டுடும்.

வடு மாங்காய்க் குறிப்புல வந்து நின்னது இதுதான். உப்புல போட்டு எத்தனை நாள் குலுக்கி வைக்கணும்? 4 மடங்குப் படத்துல ஓசிஆர் "8 நாள்"னு சொன்னுது. சித்தி "மூணு நாள் போதும்பா, அவங்க மூணு நாள்தான் வைப்பாங்க"ன்னாங்க. சுருங்கி வர ஒரு வாரம் வேணும்னு இன்னொரு கட்சி. எல்லாமே நடக்கக்கூடிய எண்தான். சமையல் அறிவு வச்சும் தீர்க்க முடியலை.

இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது

இதுக்கு ஓசிஆரை நம்பாம படத்தையே கேக்க ஒரு வழி இருக்கு. படத்துல ஒரு துண்டை வெட்டி, வழுவழுப்பு எதுவும் பண்ணாம, பிக்சல் பிக்சலா பெருசாக்கிப் பாக்குறது:

```
magick padam.jpg -crop 60x30+120+400 +repage -filter point -resize 1200% paar.png
```

கூட்டல் குறிக்கு அப்புறம் வர்ற ரெண்டு எண்ணும் அந்தத் துண்டு எங்க ஆரம்பிக்குதுங்கறதுதான், உங்க படத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கங்க.

எந்த வார்த்தையை வெட்டுறது? சமையல் குறிப்புல எனக்குக் கிடைச்ச வரம் "உப்பு". எல்லாக் குறிப்புலயும் இருக்கும். நடுவுல புள்ளி வச்ச "ப்" உண்டு, பக்கத்துலயே புள்ளி இல்லாத "பு" உண்டு. எங்க புள்ளி இருக்கணும்னு நமக்கு முன்கூட்டியே தெரியும். அந்த ரெண்டு எழுத்துக்கும் மேல இருக்குற பிக்சல்களைப் பாருங்க. "ப்"புக்கு மேல ஒரு கருமை, "பு"வுக்கு மேல அது இல்லைன்னா, அந்தப் படத்துல புள்ளி உயிரோட இருக்கு. பெருசாக்குறது பலன் தரும். ரெண்டுக்கும் மேல ஒரே மாதிரி சாம்பல் மூட்டம்னா, புள்ளி செத்துப்போச்சு. அதுக்கு அப்புறம் 4 மடங்கு ஆக்கினாலும் 40 மடங்கு ஆக்கினாலும் வர்றது யூகம்தான்.

சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு எங்க அத்தையே அடிக்கடி சொல்லுவாங்க. பெருசாக்குறதுங்கறது நல்ல பெரிய அகப்பை. சட்டி அடியில ஒட்டிக்கிட்டிருக்குறதை வழிச்சு எடுத்துடும். காலிச் சட்டியில வழிச்சா சுரண்டுற சத்தம்தான் வரும்.

எந்த மடங்கு நல்லதுன்னு கண்ணால முடிவு பண்ணாம, ஒரே ஒரு படத்தைக் கையால தட்டச்சு பண்ணி வச்சுக்கிட்டு ஒப்பிடுறது உத்தமம்:

```
import unicodedata, difflib
def padi(f):
    return unicodedata.normalize("NFC", open(f, encoding="utf-8").read()).split()
for x in difflib.ndiff(padi("kai.txt"), padi("padam3.txt")):
    if x[0] in "+-": print(x)
```

நடுவுல இருக்குற `NFC` முக்கியம். "கொ"வுல இருக்குற குறியை ஒரே குறியாவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமா ரெண்டாவும் எழுதலாம். திரையில ஒண்ணாத் தெரியும், கணினிக்கு வேற வேற. திஸ்கி காலத்துலேருந்து எழுத்துருவோட மல்லுக்கட்டினவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். இதைச் சீர் பண்ணாட்டி இல்லாத பிழையெல்லாம் பிழையாக் காட்டும்.

பட்டியல் வந்ததும் எத்தனை பிழைன்னு மட்டும் எண்ணாதீங்க. எங்க பிழைன்னு பாருங்க. "கொதிகக"ன்னு பத்து இடத்துல வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல திருத்திடலாம். ஒரே ஒரு எண் மாறியிருந்தா அது அந்தப் பத்தையும் விடப் பெருசு. ஓசிஆர் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நம்பிக்கை எண் குடுக்கும், கட்டளைக் கடைசியில `tsv` சேர்த்தா `conf`ங்கற பத்தியில வரும். அதையும் முழுசா நம்பாதீங்க. அது தன் யூகத்து மேல அதுக்கு இருக்குற நம்பிக்கை, நிஜத்தோட ஒப்பிட்டது இல்லை.

மாயக் கண்ணாடி

"அதான் இப்போ நரம்பு வலை வச்சே பெருசாக்குற மென்பொருள் இருக்கே, அதைப் போட்டுப் பாக்கலாமே"ன்னு அத்தை மகன் ஒண்ணை இறக்கிட்டு வந்தான். 8 பிக்சல் படத்தைக் குடுத்தான். அடேங்கப்பா! கொசு எல்லாம் ஓடிப்போச்சு, விளிம்பு எல்லாம் அச்சடிச்ச மாதிரி. "மாப்ள, பாத்தியா, பளிங்கு மாதிரி இருக்கு"ன்னான்.

பளிங்குதான். ஆனா அந்த வகை மென்பொருள் பெரும்பாலும் புகைப்படமும் ஓவியமும் பாத்துப் பழகினது. "இந்த மாதிரி மங்கல் இருந்தா அதுக்குப் பின்னாடி இந்த மாதிரி கூர்மையான கோடு இருந்திருக்கும்"ங்கறது அதோட பாடம். தமிழ்ப் புள்ளின்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. சில இடத்துல கொசுன்னு நினைச்சுப் புள்ளியைத் துடைச்சுடுச்சு. சில இடத்துல கொசுவைக் கோடாக்கி எழுத்தோட ஒட்டிடுச்சு. நம்ம வடு மாங்காய் எண் அதுல அட்டகாசமான, சந்தேகமே இல்லாத 8 ஆயிடுச்சு. மங்கலா இருந்த வரைக்கும் அது "எனக்குத் தெரியலை"ன்னு சொல்லிக்கிட்டிருந்தது. பளிங்கானதும் பொய்ச் சாட்சி சொல்ல ஆரம்பிச்சுடுச்சு.

இது ஒண்ணும் நடக்காத விஷயம் இல்லை. 2013ல டேவிட் க்ரீசல்ங்கற ஜெர்மன்காரர் ஜெராக்ஸ் நகல் இயந்திரங்கள்ல இதைக் கண்டுபிடிச்சார். ஒரு கட்டட வரைபடத்துல மூணு அறைக்கும் வேற வேற பரப்பளவு எழுதியிருந்தது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர்னு. ஸ்கேன் பண்ணினா மூணு அறையும் 14.13ன்னு வந்துச்சு. இடம் மிச்சம் பிடிக்க, ஒரே மாதிரி தெரிஞ்ச துண்டுகளை ஒண்ணா நினைச்சு, ஒண்ணோட படத்தையே இன்னொண்ணு மேல ஒட்டுற சுருக்க முறை அது. எண்கள் மங்கவே இல்லை. பளிச்சுன்னு, கூர்மையா, தப்பா இருந்துச்சு. அதனாலதான் யாரும் கவனிக்கலை. அந்த முறையும் நம்ம மென்பொருளும் வேற வேற, ஆனா குணம் ஒண்ணு. கூர்மையா இருக்குறதும் சரியா இருக்குறதும் ஒண்ணு இல்லை.

அதுக்காக அந்த மென்பொருளே வேண்டாம்னு சொல்லலை. 20 பிக்சல் படத்துக்கு அது தொந்தரவு பண்ணலை, பெருசா லாபமும் இல்லை. 8 பிக்சலுக்குத்தான் ஆசை காட்டும், அங்கதான் அதை நம்பக் கூடாது.

கடைசியில எப்படி முடிஞ்சுது

"உப்பு"ச் சோதனையில 15 நீளப் படமும் தோத்துப்போச்சு. அதோட நான் பெருசாக்குறதை விட்டுட்டு, அத்தை மகனைக் குடைய ஆரம்பிச்சேன். அவன் எங்களுக்கு அனுப்பினதுதான் சுருங்கிப் போச்சு. அவன் எடுத்த மூலப் படம் அவன் போன்லயோ பழைய போன்லயோ இருக்கணுமே? பரண்ல கிடந்த பழைய போனுக்குச் சார்ஜர் தேடி ரெண்டு நாள் போச்சு. 11 படம் கிடைச்சுது. 1080 அகலத்தோட, முழுசா. "படமா அனுப்பாதே, கோப்பா அனுப்பு"ன்னு சொல்லி வாங்கினேன். கோப்பா அனுப்பினா செயலி கை வைக்காது. 30 பிக்சல் எழுத்து. பெருசாக்காமலே, அப்படியே குடுத்ததும் ஓசிஆர் கடகடன்னு வாசிச்சுது.

வடு மாங்காய்? மூலப் படத்துல இருந்தது 5 நாள். சித்தி சொன்ன 3ம் இல்லை, மென்பொருள் சத்தியம் பண்ணின 8ம் இல்லை. 5ஓட மேல்கோடும் இடப்பக்கக் குச்சியும் 8 பிக்சல்ல கரைஞ்சு போய், மூணு பேருக்கும் மூணு விதமாக் காட்சி குடுத்திருக்கு.

மிச்சம் 4 படத்துக்கு மூலம் கிடைக்கலை. அதுல வார்த்தைகளை 4 மடங்குப் படத்துலேருந்து எடுத்து, வீட்டுப் பெண்களை உக்கார வச்சு வாசிச்சுத் திருத்தினோம். எண்களை மட்டும் எடுக்கலை. அந்த இடத்துல புத்தகத்துல ஒரு சின்னக் கட்டம் காலியா விட்டிருக்கோம், "செய்து பார்த்து எழுதிக்கொள்ளவும்"னு. எள்ளுப் பொடியில பெருங்காயம் எவ்வளவு, அதிரசப் பாகுக்கு வெல்லம் எவ்வளவுன்னு நாலு கட்டம். சித்தி இப்பவே ஒரு கட்டத்தைப் பென்சில்ல நிரப்பிட்டாங்க. பேனா வேண்டாமாம், தீபாவளிக்குச் செஞ்சு பாத்துட்டுத்தான் பேனாவாம்.

உங்க வீட்டுலயும் இப்படி நீள ஸ்க்ரீன்ஷாட் கிடந்தா, எடுத்தவங்களோட பழைய போனை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேடிப் பாத்துடுங்க. மத்தபடி, 8க்கும் 20க்கும் நடுவுல, 12, 13 பிக்சல் எழுத்துல யாராவது மோதிப் பாத்திருந்தா புள்ளி தப்பிச்சுதா போச்சான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. என் கையில அந்த அளவுல படம் எதுவும் இல்லை.